கல்லாவிலிருந்து பின்னோக்கி: சிறு கடைக்காரருக்கு வாய்வழியாக அன்றாடக் கணக்கு கற்றுக்கொடுக்கும் முறை

கடைக்காரருக்குக் கணக்கு கற்றுக்கொடுக்கப் போகிறவர் வழக்கமாக ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போவார். தேதி, பொருள், எண்ணிக்கை, விலை, தொகை என்று ஐந்து கட்டங்கள் போட்டு, "விற்கும்போதெல்லாம் இதில் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் நாள் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. இரண்டாம் நாள் அரைப் பக்கம். நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது தேதி மட்டும் இருந்தது. கடைக்காரர் சோம்பேறி அல்ல. எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு கை பொருளை எடுக்கிறது, மறு கை சில்லறையை எண்ணுகிறது. பேனா பிடிக்க மூன்றாவது கை இல்லை.

ஆகவே விற்பனையை ஒவ்வொன்றாக எழுத வைக்கும் முயற்சியை விட்டுவிட்டேன். இரவில் கல்லாவில் இருக்கும் பணத்திலிருந்து பின்னோக்கிப் போய் அன்றைய விற்பனையைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இப்போது சொல்லித் தருகிறேன். இதற்குப் பகலில் வேண்டியது சில துண்டுச் சீட்டுகள், இரவில் வேண்டியது பத்து நிமிடம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாயால் சொல்லிக்கொண்டே செய்துவிடலாம். இங்கே அந்த வரிசையைத் தருகிறேன். தொகைகளை வெறும் எண்களாகவே சொல்கிறேன். எந்த நாட்டுப் பணமானாலும் முறை ஒன்றுதான்.

உட்காரும் இடமும் நேரமும்

பாடம் கடை மூடும் நேரத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். மண்டபத்தில் கூட்டி வைத்துக் கற்பனைக் கடையின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கடைக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். அவருடைய பணம், அவருடைய பொருள், அவருடைய கடன்காரர்கள் என்று வரும்போதுதான் எண்ணுக்கு உயிர் வருகிறது. பணத்தை உரக்க எண்ணப் போகிறோம் என்பதால் முதலில் கதவைச் சாத்திவிடுங்கள். தெருவில் போகிறவருக்குக் கல்லாவின் கனம் தெரிய வேண்டியதில்லை.

கற்றுக்கொடுப்பவர் பேனாவைத் தொடக் கூடாது. இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். அவர் தடுமாறும்போது "இப்படிக் கொடுங்கள்" என்று வாங்கி நீங்கள் எழுதிவிட்டால் அன்றைய பக்கம் அழகாக இருக்கும், மறுநாள் பக்கம் இருக்காது. நீங்கள் ஒரு வரி சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும், பிறகு செய்யட்டும். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். மனக்கணக்கு போடுகிறவரின் மௌனத்தைக் கலைப்பது எண்ணிக்கொண்டிருக்கும் பணத்தைக் கலைப்பது போன்றது.

முதல் மூன்று இரவுகள்: எண்ணுவது மட்டும்

மூன்று நாட்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். பெரிய தாளிலிருந்து தொடங்கி மதிப்புவாரியாகப் பணத்தைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையும் உரக்க எண்ணி, "நூறு ஏழு, எழுநூறு" என்று சொல்ல வேண்டும். நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். மொத்தம் வந்ததும் ஒரு தடவை சொல்லி, எழுதி, எழுதியதைப் பார்த்து மறுபடி சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது தடவையில்தான் பிழைகள் அகப்படும். தமிழில் எண்ணைக் கேட்டு எழுதும்போது வரும் தவறுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் வருகின்றன. நூற்று இருபது என்பதைக் காதில் விழுந்தபடியே 100 எழுதி, பக்கத்தில் 20 எழுதி, 10020 ஆக்கிவிடுவார்கள். ஆயிரத்து இருநூறும் ஆயிரத்து இருபதும் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலவே கேட்கும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் குழம்பும். எனவே அவர் எழுதியதை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே நீங்கள் தவறாகச் சொல்லிப் பாருங்கள். "இல்லை தம்பி, ஆயிரத்து இருநூறு" என்று திருத்தினால் எண் அவர் கைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

எண்ணி முடித்ததும் மறுநாளைக்கான சில்லறையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். இதுதான் 'காலை இருப்பு'. தினமும் ஒரே தொகையாக வைப்பது நல்லது. கணக்கு எளிதாகிறது. கடையும் சில்லறை இல்லாமல் திண்டாடாது. கென்யாவில் சிறு வியாபாரிகளிடையே நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, சில்லறை இல்லாததால் அவர்கள் கணிசமான விற்பனையை இழந்துவந்ததைக் காட்டியது. வாராவாரம் போய் "சில்லறை இல்லாமல் எத்தனை வியாபாரம் போனது?" என்று கேட்டதே அவர்களை மாற்றிவிட்டது என்பது அதில் எனக்குப் பிடித்த செய்தி.

சீட்டு: பணம் வெளியே போனால் காகிதம் உள்ளே வரும்

நான்காம் நாள் ஒரே ஒரு விதியைச் சொல்லுங்கள்: "கல்லாவிலிருந்து பணம் எடுத்தால், எடுத்த இடத்தில் சீட்டு." சரக்குக்காரருக்குக் கொடுத்தாலும், வண்டிக் கூலி கொடுத்தாலும், வீட்டுச் செலவுக்கு எடுத்தாலும், அதே தொகை எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கல்லாவுக்குள் போக வேண்டும். பணம் வெளியே போயிருக்கிறது, அதன் பெயர் மட்டும் உள்ளே இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கும் மீதிச் சில்லறைக்குச் சீட்டு வேண்டாம். முதல் வாரத்தில் இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும்.

எழுதத் தெரியாதவர்களோடு நான் பயன்படுத்துவது ஒரு சின்னக் குறிமுறை. ஆயிரத்துக்கு ஒரு சதுரம், நூறுக்கு ஒரு வட்டம், பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. முந்நூற்று ஐம்பது என்றால் மூன்று வட்டம், ஐந்து கோடு. பக்கத்தில் ஒரு வீட்டின் படம் போட்டால் வீட்டுக்கு எடுத்தது, சக்கரம் போட்டால் வண்டிக் கூலி. அரை மணி நேரத்தில் பழகிவிடுகிறார்கள்.

விற்பனை அல்லாத பணம் உள்ளே வருவதும் உண்டு. பழைய கடனை ஒருவர் திருப்பித் தருகிறார், அல்லது கடைக்காரர் தன் கைப்பணத்தைக் கல்லாவில் போடுகிறார். அதற்கும் சீட்டு வேண்டும், ஆனால் வேறு நிறத்தில். நான் வெளியே போனதற்குச் சிவப்பும், உள்ளே வந்ததற்கு வெள்ளையும் வைத்திருக்கிறேன். எந்த நிறமானாலும் சரி, இரண்டும் தூரத்திலிருந்தே வேறுபட்டுத் தெரிய வேண்டும். ஒரு கோணி ஊசியில் சிவப்பை ஒருபுறம், வெள்ளையை மறுபுறம் குத்தி வைக்கும் கடைக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அதுவும் நல்ல யோசனைதான்.

இந்த விதி எளிமையாகத் தெரிவதால் அதன் பலத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். டொமினிக்கன் குடியரசில் சிறு தொழில் செய்வோரிடையே ட்ரெக்ஸ்லர், ஃபிஷர், ஷோர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இரண்டு விதப் பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். ஒரு குழுவுக்கு முறையான கணக்கியல் பாடம். இன்னொரு குழுவுக்கு, கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் வெவ்வேறு இழுப்பறையில் வை, ஒன்றிலிருந்து மற்றதற்கு எடுத்தால் குறிப்பு எழுதி வை என்பது போன்ற எளிய விதிகள். 2014இல் வெளியான முடிவின்படி, எளிய விதி கற்றவர்களின் கணக்குப் பழக்கம் முன்னேறியது. முறையான பாடம் கேட்டவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இரவுக் கணக்கு: ஒரு நாளை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

நோட்டும் சோப்பும் பேட்டரியும் விற்கும் சிறு கடை ஒன்று. கடை நடத்தும் அம்மையாரோடு ஐந்தாம் இரவு உட்கார்ந்திருக்கிறோம். கதவு சாத்தியாகிவிட்டது. எண்ணி முடித்தார். கல்லாவில் இருப்பது 1890.

"இன்று எவ்வளவு விற்றிருக்கும் அக்கா?"

"காலையில் ஐந்நூறு வைத்தேன். இப்போது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. அப்படியென்றால் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. மந்தமான நாள்தான் தம்பி."

இங்கே அவரைத் திருத்தாதீர்கள். சிவப்புச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். சரக்குக்காரருக்கு 1200. வண்டிக் கூலி 60. வீட்டுக்கு 200. கூட்டினால் 1460.

"இந்தப் பணம் காலையிலேயே கல்லாவில் இருந்ததா?"

சற்று நேரம் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில் ஐந்நூறுதானே இருந்தது? இதெல்லாம் விற்ற பணத்தில் கொடுத்தது."

அந்த ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் ஐந்து நாள் காத்திருந்தோம். இனி கணக்கை நான்கு அடியாகச் சொல்லிக் கொடுக்கலாம். பாட்டுப் போல, எப்போதும் இதே வரிசையில்:

இரவில் இருப்பதை எடு.
வெளியே போனதைக் கூட்டு.
காலையில் இருந்ததைக் கழி.
விற்காமல் வந்ததைக் கழி.

முதல் அடி 1890. இரண்டாம் அடியில் 1460 சேர்கிறது, 3350 ஆகிறது. மூன்றாம் அடியில் காலை இருப்பு 500 போகிறது, 2850 ஆகிறது. நான்காம் அடிக்கு வெள்ளைச் சீட்டைப் பார்க்கிறோம். பழைய கடனில் ஒருவர் 350 திருப்பித் தந்திருக்கிறார். அது இன்றைய விற்பனை அல்ல, என்றோ விற்றது. கழித்தால் 2500. இதுதான் இன்றைய ரொக்க விற்பனை. மந்தமான நாள் என்று அவர் நினைத்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

இதோடு இன்று கடனுக்குக் கொடுத்ததைச் சேர்க்க வேண்டும். கடன் நோட்டில் இன்றைய தேதியில் இருப்பது 420. ஆக மொத்த விற்பனை 2920.

கைபேசி வழியாகப் பணம் வாங்கும் கடையானால் அன்று அப்படி வந்த தொகையைத் தனியே வாசித்து, அதில் பழைய கடன் திரும்பியது ஏதும் இருந்தால் நீக்கிவிட்டு, மீதியை விற்பனையோடு கூட்டிக்கொள்ளலாம். அது கல்லாவுக்குள் வரவே இல்லை என்பதால் நான்கு அடிக்குள் அதைக் கலக்கக் கூடாது. சரக்குக்காரரிடம் கடனுக்கு வாங்கியதும் அப்படித்தான். பணம் கொடுக்கும் நாளில்தான் அதற்குச் சீட்டு. அதுவரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாம் தர வேண்டியதாக இருக்கட்டும்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, இரவு இருப்பு, வெளியே போனது, காலை இருப்பு, விற்காமல் வந்தது, ரொக்க விற்பனை, கடன் விற்பனை. லாபம் என்று ஒரு கட்டம் போடச் சொல்லிக் கேட்பார்கள். முதல் மாதம் நான் மறுத்துவிடுவேன். சரக்கு வந்த நாளில் பெரிய நட்டம் போலவும், வராத நாளில் பெரிய லாபம் போலவும் அது காட்டும். அந்த எண்ணை நம்பி வீட்டுக்குப் பணம் எடுத்தவர்கள் உண்டு.

விடை விசித்திரமாக வந்தால்

இந்தக் கணக்கில் 'இடிக்கிறது' என்று ஒன்று கிடையாது. எப்போதும் ஏதோ ஒரு விடை வரும். அதனால் அந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடைக்காரருக்கு அன்று கூட்டம் எப்படி இருந்தது என்பது உடம்பிலேயே தெரியும். வாங்குபவர்கள் நிறைய வந்தும் விற்பனை குறைவாக வந்தால், வெளியே போன பணம் ஒன்றுக்குச் சிவப்புச் சீட்டுப் போட மறந்திருக்கிறார். கூட்டமே இல்லாமல் விற்பனை எகிறினால், உள்ளே வந்த பணத்துக்கு வெள்ளைச் சீட்டு விடுபட்டிருக்கிறது. முன்னதில் "இன்று யார் யாருக்குப் பணம் கொடுத்தீர்கள்?" என்று காலையிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். பின்னதில் "யார் கடன் திருப்பினார்கள்? நீங்கள் கையிலிருந்து போட்டீர்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் நினைவு வந்துவிடும். வரவில்லையென்றால் அந்த நாளின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் படுக்கப் போகட்டும். விடையை 'சரிசெய்ய' மட்டும் விடாதீர்கள்.

சரிசெய்யப்பட்ட நோட்டை அடையாளம் காண்பது எளிது. எல்லாத் தொகையும் பூஜ்யத்தில் முடியும். ஒரு வாரம் முழுக்க ஒரே மை, ஒரே சாய்வு, ஓர் அடித்தல்கூட இருக்காது. அப்படிப்பட்ட நோட்டைக் கண்டால் கண்டிக்க வேண்டாம். உங்களுக்குக் காட்டுவதற்காக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த நாள் உங்கள் வரவைச் சொல்லாமல் கடை மூடும் நேரத்தில் போய் உட்காருங்கள்.

கடன் நோட்டு

கடனுக்கு ஒரு தனி நோட்டு, அதில் ஆளுக்கு ஒரு பக்கம். எல்லோரையும் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதும் பழக்கம்தான் பரவலாக இருக்கிறது. அதில் ஒருவர் வந்து "எனக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பதினைந்து பக்கம் புரட்ட வேண்டும். புரட்டும்போது ஒன்று தவறும். தனிப் பக்கத்தில் வாங்கியது, தந்தது, நிற்பது என்று மூன்று கட்டம் இருந்தால் கடைசி வரியே பதில் சொல்லிவிடும்.

விற்பனையை நேரத்துக்கு நேரம் எழுதத் தேவையில்லை என்று சொன்னேன். கடன் அதற்கு விதிவிலக்கு. பொருள் கைமாறுவதற்கு முன்பே எழுதியாக வேண்டும், ஏனென்றால் ரொக்கம் இரவில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், கடன் காட்டிக்கொடுக்காது. எழுதும்போது வாயாலும் சொல்ல வேண்டும்: "முன்பு நூற்று எண்பது, இன்று நாற்பது, இப்போது நிற்பது இருநூற்று இருபது." வாங்குபவர் அந்தக் கடைசி எண்ணைத் திருப்பிச் சொன்னால் பிற்பாடு வாக்குவாதம் வராது. பக்கத்தில் மற்றவர்கள் நின்றால் உரக்கச் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். ஒருவருடைய கடனை நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு அவரை மறுபடி கடையில் எதிர்பார்க்க முடியாது.

பணம் திரும்ப வரும்போது பழைய வரியை அடிக்கவோ பக்கத்தைக் கிழிக்கவோ கூடாது. தந்தது என்ற கட்டத்தில் எழுதி, நிற்பதைக் குறைத்து, அதே கையோடு வெள்ளைச் சீட்டையும் கல்லாவில் போட வேண்டும். இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும்படி வெள்ளைச் சீட்டுக் கட்டைக் கடன் நோட்டுக்குள்ளேயே செருகி வைக்கச் சொல்லுங்கள். தந்ததை எழுத மறந்தால் இரண்டு இடத்தில் அடி விழும். இரவில் விற்பனை பொய்யாக ஏறும். மாதக் கடைசியில் வாடிக்கையாளர் "நான்தான் தந்துவிட்டேனே" என்று சண்டைக்கு வருவார்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஊரார் தர வேண்டிய மொத்தம் இருக்க வேண்டும். நம் அம்மையாருக்கு நேற்று இரவு அது 3100. இன்று கொடுத்தது 420, திரும்பியது 350. இன்று இரவு 3170. மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பக்கங்களின் கடைசி வரியையும் கூட்டிப் பார்த்து அது இந்த மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கலாம். ஒத்துப்போகவில்லையென்றால் ஏதோ ஒரு பக்கத்தில் கூட்டலோ கழித்தலோ பிசகியிருக்கிறது.

கடனுக்கு எல்லை வைப்பது பற்றி அறிவுரை சொன்னால் யாரும் கேட்பதில்லை. கணக்காகச் சொன்னால் கேட்கிறார்கள். நூறுக்கு விற்கும் பொருளை எண்பதுக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கடன் திரும்பவில்லை. போனது எண்பது முதல். ஒவ்வொரு நூறு விற்பனைக்கும் இருபதுதான் மிஞ்சுகிறது. அந்த எண்பதை மீட்க இன்னும் எத்தனை நூறுக்கு விற்க வேண்டும்? கூழாங்கற்களை அடுக்கிக் காட்டி அவர்களையே எண்ணச் சொல்வேன். நான்கு நூறு என்று வந்ததும், யாருடைய பக்கத்தில் பல வாரமாகத் தந்தது என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று அவர்களே புரட்டத் தொடங்குவார்கள்.

சரக்கு: ஐந்து பொருள் மட்டும்

கல்லாவிலிருந்து பின்னோக்கிப் போகும் முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைக் கற்றுக்கொடுப்பவர் மறைக்கக் கூடாது. யாராவது கல்லாவிலிருந்து நூறு எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு அதைத் திருட்டு என்று சொல்லாது, விற்பனை நூறு குறைந்தது என்றுதான் சொல்லும். பொருளை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் கணக்கில் சலனம் இருக்காது. இந்த ஓட்டையை அடைப்பது சரக்கு எண்ணிக்கை ஒன்றுதான்.

கடையில் இருக்கும் அத்தனை பொருளையும் தினமும் எண்ணச் சொன்னால் எவரும் செய்ய மாட்டார். அதிகம் போகிற பொருள், சிறிதாகவும் விலை அதிகமாகவும் இருக்கிற பொருள் என்று பார்த்து ஐந்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஐந்தும் அலமாரியில் ஒரே இடத்தில், எண்ண வசதியாக இருக்கட்டும். அவற்றுக்கு மட்டும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, ஒன்று விற்றதும் ஒரு கோடு, நான்கு கோட்டின் மேல் குறுக்கே ஐந்தாவது கோடு. ஐந்து பொருளுக்குக் கோடு போட யாருக்கும் கை இருக்கும்.

இரவில் வாய்ப்பாடு இதுதான்: "காலையில் இருந்தது, இன்று வந்தது, இரண்டையும் கூட்டு. இப்போது இருப்பதைக் கழி. மீதி, கடையை விட்டுப் போனது." நம் அம்மையாரின் கடையில் சோப்பு காலையில் 48. இன்று வந்தது 24. சேர்த்து 72. இரவில் எண்ணினால் 51. போனது 21. அட்டையில் கோடுகள் 18. மூன்று சோப்பு எங்கே?

உடனே திருட்டு என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் மறுபடி எண்ண வேண்டும், வந்த பெட்டியில் உண்மையிலேயே இருபத்து நான்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். அம்மையார் யோசித்துவிட்டு, ஒன்றை வீட்டுக்கு எடுத்ததாகச் சொன்னார். ஒன்று நைந்து போய்க் குப்பைக்குப் போயிருந்தது. மூன்றாவதுக்குப் பதில் இல்லை. கூட்டத்தில் கோடு போட மறந்திருக்கலாம். ஒரு நாள் ஒன்று குறைவது பெரிதல்ல. ஒரே பொருள், வாரத்தில் பல நாள், ஒரே அளவில் குறைந்தால்தான் விழித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ளும் நாட்களில் மட்டும் குறைகிறதா என்று தேதியை வைத்துப் பார்ப்பதும் உதவும். இவை தெரியும்வரை யார் மீதும் விரல் நீட்டக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

வீட்டுக்குப் பொருள் எடுத்தால் அதற்கும் சீட்டு வேண்டும். ஆனால் அது கல்லாவுக்குள் போகக் கூடாது, ஏனென்றால் பணம் எதுவும் வெளியே போகவில்லை. அட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தனியே குத்தி வைக்கலாம். இதைக் கல்லாவில் போட்டுவிட்டு, விற்காத பொருளையும் விற்பனையில் கூட்டிக்கொண்டிருந்த ஒரு நோட்டை ஒரு வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன். பிழை அவருடையதல்ல, சொல்லாமல் விட்டது நான்தான்.

ஐந்து பொருளுக்கு அப்பால் கடை முழுவதையும் சோதிக்க மாதம் ஒருமுறை முழு எண்ணிக்கை போதும். எல்லாவற்றையும் விற்கும் விலையில் மதிப்பிட வேண்டும் என்பது இதில் முக்கியம். கொள்முதல் விலையில் மதிப்பிட்டால் விற்பனையோடு ஒப்பிட முடியாது. அம்மையாரின் கடையில் மாதத் தொடக்கத்தில் விற்கும் விலையில் சரக்கு 140000. மாதத்தில் வந்தது, அதுவும் விற்கும் விலையில், 78500. சேர்த்து 218500. மாதக் கடைசியில் எண்ணியது 137900. அப்படியானால் 80600க்கு விற்றிருக்க வேண்டும். நோட்டில் ரொக்கமும் கடனுமாகச் சேர்த்து மாத விற்பனை 79450. இடைவெளி 1150.

இந்த 1150க்கு நாங்கள் தேடிய வரிசை: வீட்டுக்கு எடுத்த பொருள் சீட்டுகள் 640. உடைந்ததும் கெட்டதும் 130. விலை குறைத்துக் கொடுத்ததாக அவர் நினைவு வைத்திருந்தது ஏறக்குறைய 200. மீதி 180க்கு விளக்கம் இல்லை. அதை நோட்டில் 'தெரியாதது' என்றே எழுதினோம். அடுத்த மாதமும் அதே அளவில் நின்றால் எண்ணும் பிழை என்று விட்டுவிடலாம். வளர்ந்தால், அட்டையில் தொங்கும் ஐந்து பொருளை மாற்றிவிட்டு இன்னும் எண்ணாத ஐந்தைப் போட வேண்டும்.

எப்போது நீங்கள் போவதை நிறுத்தலாம்

முதல் வாரம் தினமும் போங்கள். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். கடனும் சரக்கும் இரண்டாம் வாரத்துக்கு முன் வேண்டாம். நான்கு அடி வாயில் தங்குவதற்கு முன் அட்டையைத் தொங்கவிட்டால் இரண்டும் சேர்ந்து நின்றுபோகும். பிறகு ஓர் இரவு, கடையில் உதவிக்கு இருப்பவரையோ பிள்ளையையோ கூப்பிட்டு, அவருக்கு இந்த அம்மையார் சொல்லித் தரட்டும் என்று விட்டுவிட்டு நீங்கள் ஓரமாக உட்காருங்கள். சொல்லித் தரும்போது எந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போகிறாரோ அந்த இடம் அவருக்கு இன்னும் புரியவில்லை. பெரும்பாலும் அது நான்காம் அடியாக இருக்கும். கையில் வந்த பணத்தை ஏன் கழிக்க வேண்டும் என்பது கடைசியாகத்தான் பிடிபடுகிறது.

அன்று இரவு அந்த அம்மையாரின் மகள் அதையேதான் கேட்டாள். "பணம் வந்துதானே இருக்கிறது, எதற்கு அம்மா கழிக்கிறாய்?" அவர் வெள்ளைச் சீட்டை எடுத்துக் கடன் நோட்டில் அந்த ஆளின் பக்கத்தைத் திறந்தார். போன மாதத் தேதி ஒன்றின் மேல் விரலை வைத்து, "இதை அன்றைக்கே விற்பனையில் கூட்டிவிட்டோம். ஒரே சோப்பை இரண்டு தடவை விற்க முடியுமா?" என்றார்.